பக்க எண்ணா, முடிவில்லா ஸ்க்ரோலா? இரண்டுக்கும் பின்னால் ஓடும் தரவுத்தள வினவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் எழுதிய தரவுத்தள வினவல்களைப் பார்த்துக் குறை சொல்லும் வேலை எனக்கு. நீண்ட பட்டியல்களைத் திரையில் காட்டுவது பற்றி ஒரே ஐயங்களை வெவ்வேறு ஆட்களிடமிருந்து கேட்டுக் கேட்டு, அவற்றுக்கான பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டு போதும். ஒரு செய்தித் தளத்தின் `articles` என்ற அட்டவணையில் 20 லட்சம் செய்திகள் உள்ளன. `id`, `category_id`, `title`, `body`, `published_at` ஆகியவை அதன் நெடுவரிசைகள். புதிய செய்தி மேலே வரும்படி 20 செய்திகளாகக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வினவல்கள் போஸ்ட்கிரெஸுக்கானவை. பிற தரவுத்தளங்கள் மாறுபடும் இடங்களில் அதைக் குறிப்பிட்டுள்ளேன்.

1. பேஜினேஷன், இன்ஃபினிட் ஸ்க்ரோல், இந்த இரண்டுக்கும் தரவுத்தளத்தில் என்ன வேறுபாடு?

திரையின் தோற்றத்தால் மட்டும் எந்த வேறுபாடும் வருவதில்லை. படிப்பவர் "3" என்ற எண்ணைத் தட்டினாரா, விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாரா என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது. இரண்டிலும் அதனிடம் கேட்கப்படுவது "இந்த இடத்திலிருந்து அடுத்த 20 பதிவுகளைக் கொடு" என்பதுதான். "இந்த இடம்" எது என்பதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "மேலிருந்து 40 பதிவுகளைத் தள்ளிவிட்டு" என்று எண்ணிக்கையால் சொல்லலாம். "நான் கடைசியாகப் பார்த்த இந்தச் செய்திக்குப் பின்" என்று பதிவைக் கொண்டும் சொல்லலாம்.

பக்க எண்கள் இருக்கும் திரைக்கு முதல் முறையும், ஸ்க்ரோல் திரைக்கு இரண்டாம் முறையும் இயல்பாகப் பொருந்தும். ஆனால் நான் பார்த்த ஸ்க்ரோல் திரைகளில் பலவற்றின் பின்னால் எண்ணிக்கை முறைதான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பக்க எண் திரையின் மேல் புதிய தோற்றத்தைப் போர்த்தும்போது, வினவலை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை.

2. OFFSET போட்டால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

மூன்றாம் பக்கத்துக்கு நாம் எழுதுவது இது:

```sql
SELECT id, title, published_at
FROM articles
ORDER BY published_at DESC, id DESC
LIMIT 20 OFFSET 40;
```

இந்த வரிசைக்கேற்ற இண்டெக்ஸ் இருந்தால், தரவுத்தளம் அதன் ஒரு முனையிலிருந்து நடக்கத் தொடங்கும். இண்டெக்ஸ் என்பது மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் மரம். "11 மார்ச் மாலை 6 மணி எங்கே இருக்கிறது" என்று கேட்டால் மூன்று நான்கு படிகளில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் "41ஆவது பதிவு எங்கே" என்று கேட்டால் அதற்குத் தெரியாது, ஏனெனில் எந்தக் கிளைக்குக் கீழே எத்தனை பதிவுகள் உள்ளன என்ற கணக்கை அது வைத்திருப்பதில்லை. ஆகவே முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி, 40 பதிவுகளைப் படித்துத் தூக்கி எறிந்துவிட்டு, அதற்குப் பின் வரும் 20ஐத் தருகிறது. பக்க எண் அச்சிடப்படாத தடித்த பேரேட்டில் 5000ஆம் பக்கத்தைத் தேடுவது போன்ற வேலை இது.

5000ஆம் பக்கத்துக்கு `OFFSET 99980` என்று வரும். 20 பதிவுகளைத் தருவதற்காக ஒரு லட்சம் பதிவுகள் படிக்கப்படும். `title` இண்டெக்ஸில் இல்லாததால், எறியப்படும் பதிவுகளுக்கும் கூட அட்டவணைக்குள் போய் வர நேரிடும். இண்டெக்ஸே இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். முதல் பக்கத்துக்கே 20 லட்சம் பதிவுகளையும் படித்தாக வேண்டும்.

3. எங்கள் தளம் வேகமாகத்தானே இருக்கிறது? யார் 5000ஆம் பக்கம் வரை போகப் போகிறார்கள்?

மனிதர்கள் போவதில்லை என்பது சரி. தளங்களைத் தானாகப் படித்துச் செல்லும் தேடுபொறி நிரல்கள் போகும், உங்கள் ஏ.பி.ஐ.யிலிருந்து எல்லாச் செய்திகளையும் இறக்கிக்கொள்ள நினைக்கும் கூட்டாளி நிறுவனத்தின் நிரல் போகும். "கடைசிப் பக்கம்" என்று நீங்களே வைத்திருக்கும் பொத்தானை யாரோ ஒருவர் விளையாட்டாகத் தட்டுவார். அப்போது நடப்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 லட்சம் செய்திகள் என்றால் ஒரு லட்சம் பக்கங்கள். முதல் பக்கத்துக்கு 20 பதிவுகள், இரண்டாவதற்கு 40, மூன்றாவதற்கு 60 என்று படித்துக்கொண்டே போய் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை முடிக்கும்போது, தரவுத்தளம் படித்திருக்கும் பதிவுகளின் கூட்டுத்தொகை சுமார் 10,000 கோடி. இருப்பதோ 20 லட்சம்தான்.

உங்கள் தளத்தில் இது நடக்கிறதா என்று அறிய, வினவலின் முன்னால் `EXPLAIN (ANALYZE, BUFFERS)` என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். மேல் வரியில் `Limit` என்பதற்கு எதிரே 20 பதிவுகள் என்றும், அதற்குக் கீழே உள்ள `Index Scan` வரியில் 100000 என்றும் இருந்தால், இடையில் உள்ள அந்த வேறுபாடு முழுவதும் எறியப்பட்ட உழைப்பு. முதல் பக்கத்துக்கு மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது பொதுவாக நடக்கும் பிழை. முதல் பக்கம் எப்போதுமே வேகமாகத்தான் இருக்கும்.

4. அப்படியானால் கடைசியாகப் பார்த்த செய்தியிலிருந்து தொடங்கும்படி எப்படி எழுதுவது?

முதலில் வரிசைக்கேற்ற இண்டெக்ஸ் வேண்டும்:

```sql
CREATE INDEX articles_pub_idx
ON articles (published_at DESC, id DESC);
```

பிறகு, ஒவ்வொரு முறை 20 செய்திகளை அனுப்பும்போதும், அவற்றில் கடைசிச் செய்தியின் `published_at`, `id` ஆகிய இரண்டையும் உலாவி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த கோரிக்கையோடு திருப்பி அனுப்ப வேண்டும்:

```sql
SELECT id, title, published_at
FROM articles
WHERE (published_at, id)
    < ('2024-03-11 18:05:00.482913+05:30', 918244)
ORDER BY published_at DESC, id DESC
LIMIT 20;
```

இப்போது நாம் கேட்பது இண்டெக்ஸுக்குத் தெரிந்த கேள்வி. அது மரத்தில் நேராக அந்த நேரத்துக்கு இறங்கி, அங்கிருந்து 20 பதிவுகளைப் படித்துவிட்டு நின்றுவிடும். 5000ஆவது தொகுதிக்கும் முதல் தொகுதிக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றே. இதற்குக் கீசெட் முறை என்று பெயர்; ஏ.பி.ஐ. எழுதுபவர்கள் கர்சர் என்பார்கள். தரவுத்தளத்துக்குள் `DECLARE CURSOR` என்று திறக்கும் கர்சர் வேறு. அது இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே சர்வர் எதையும் நினைவில் வைப்பதில்லை.

5. published_at மட்டும் போதாதா? id எதற்குக் கூடவே வருகிறது?

செய்தி நிறுவனம் ஒன்றிலிருந்து 50 செய்திகளை ஒரே மூச்சில் இறக்குமதி செய்கிறீர்கள். அனைத்துக்கும் நேரம் 18:00:00 என்றே பதிவாகிறது. முதல் 20ஐக் காட்டியபின் "18:00:00க்கு முந்தையவை" என்று மட்டும் கேட்டால், அதே நேரத்தில் உள்ள மீதி 30 செய்திகளும் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். சரி, `<` என்பதற்குப் பதிலாக `<=` போடுவோம் என்றால், அதே 20 திரும்ப வரும். ஒரே நேரத்தில் 20க்கு மேற்பட்ட செய்திகள் இருப்பதால், எவ்வளவு ஸ்க்ரோல் செய்தாலும் அந்த இடத்தைத் தாண்டவே முடியாது. சமநிலையை உடைக்க, ஒருபோதும் இரட்டிப்பாகாத ஒரு நெடுவரிசை கடைசியில் வேண்டும். அதற்கு `id` போதும்.

`OFFSET` முறைக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. `ORDER BY published_at DESC` என்று மட்டும் எழுதினால், நேரம் சமமாக உள்ள 50 செய்திகளைத் தரவுத்தளம் தன் விருப்பப்படி எந்த வரிசையிலும் தரலாம். முதல் பக்கத்துக்கு ஒரு வரிசையையும் இரண்டாம் பக்கத்துக்கு வேறொன்றையும் தந்தாலும் அது பிழையாகாது. யாரும் எதையும் சேர்க்காமல் நீக்காமல் இருக்கும் அட்டவணையில்கூடச் செய்திகள் இரட்டிப்பதும் விடுபடுவதும் இதனால்தான்.

6. மைஎஸ்கியூஎல்-இல் அப்படியே எழுதினேன், வேகம் வரவில்லையே?

இரண்டு நெடுவரிசைகளை அடைப்புக்குள் சேர்த்து `<` கொண்டு ஒப்பிடும் எழுத்துமுறையை மைஎஸ்கியூஎல் ஏற்றுக்கொள்ளும். விடையும் சரியாக வரும். ஆனால் அதைக் கொண்டு இண்டெக்ஸில் தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்க அதன் திட்டமிடுவானுக்குத் தெரியாது. அங்கே இப்படி விரித்து எழுத வேண்டும்:

```sql
WHERE published_at <= :t
  AND (published_at < :t OR id < :id)
```

முதல் வரி இண்டெக்ஸில் இறங்க உதவுகிறது. இரண்டாம் வரி சமநேரச் செய்திகளைப் பிரிக்கிறது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் அடைப்பு வடிவமே கிடையாது என்பதால் அங்கும் இதுதான் வழி. போஸ்ட்கிரெஸிலும் ஒரு நெடுவரிசை ஏறுமுகமாகவும் மற்றொன்று இறங்குமுகமாகவும் இருந்தால் அடைப்பு வடிவம் தவறான விடையைத் தரும். அந்த இடத்தில் விரித்துத்தான் எழுத வேண்டும்.

7. ஸ்க்ரோல் செய்யும்போது ஒரே செய்தி இரண்டு முறை வருகிறது, ஏன்?

அனேகமாக உங்கள் ஸ்க்ரோலின் பின்னால் `OFFSET` ஓடுகிறது. படிப்பவர் முதல் 20 செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆசிரியர் குழு மூன்று புதிய செய்திகளை வெளியிட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் முழுவதும் மூன்று இடம் கீழே இறங்கிவிட்டது. இப்போது `OFFSET 20` என்று கேட்டால், முன்பு 18, 19, 20ஆம் இடங்களில் இருந்த செய்திகளே முதலில் வரும். மாறாக, மேலே இருந்த மூன்று செய்திகள் நீக்கப்பட்டிருந்தால் பட்டியல் மேலே ஏறியிருக்கும். முன்பு 21, 22, 23ஆம் இடங்களில் இருந்தவற்றை அவர் பார்க்கவே மாட்டார்.

பக்க எண்கள் உள்ள திரையில் இதே குறை இருந்தாலும் கண்ணை உறுத்தாது. பக்கம் மாறும்போது முந்தையது மறைந்துவிடுகிறது. ஸ்க்ரோலில் இரண்டு பிரதிகளும் ஒரு விரல்கடை தூரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். இதைக் கண்டவுடன் பெரும்பாலோர் உலாவியில் `id` பார்த்து இரட்டிப்பை நீக்கும் நான்கு வரி நிரலைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். இரட்டிப்பு மறைகிறது, விடுபட்ட செய்திகள் விடுபட்டவையாகவே இருக்கின்றன, அதைப் பற்றி இனி யாரும் புகார் செய்யப்போவதும் இல்லை. தோற்றத்தில் ஸ்க்ரோல், பின்னால் `OFFSET` என்ற இந்தச் சேர்க்கையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கேள்வி 4இல் உள்ள முறையில் தொடக்க இடம் ஒரு குறிப்பிட்ட செய்தியோடு கட்டப்பட்டிருப்பதால், மேலே எத்தனை சேர்ந்தாலும் நீங்கினாலும் அது நகராது. அந்தச் செய்தியே நீக்கப்பட்டாலும் பரவாயில்லை. ஒப்பிடத் தேவையான நேரமும் எண்ணும் நம் கையில் உள்ளன.

8. கர்சருக்கு மாறிவிட்டோம். அதன்பிறகும் எப்போதாவது ஒரு செய்தி விடுபடுகிறது. சாத்தியமா?

சாத்தியம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு முழு மாலைகள் ஆயின. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோவினாடி வரை, அதாவது புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள் வரை சேமிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் `Date` மில்லிவினாடி வரை, அதாவது மூன்று இலக்கங்கள் மட்டுமே வைத்துக்கொள்ளும். தொகுதியின் கடைசிச் செய்தியின் நேரம் 18:05:00.482913. அது சர்வரில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வழியாக வெளியே போய்த் திரும்பி வரும்போது 18:05:00.482 ஆகிவிடுகிறது. அடுத்த செய்தியின் நேரம் 18:05:00.482107 என்றால், அது திரும்பி வந்த நேரத்தைவிடப் புதியது. ஆகவே "இதற்கு முந்தையவை" என்ற வடிகட்டியில் அது சிக்குவதில்லை, முன்பும் காட்டப்படவில்லை. பழையதிலிருந்து புதியதை நோக்கிப் போகும் பட்டியலில் இதே வெட்டு எதிர்மாறாக வேலை செய்து, கடைசிச் செய்தியை மறுபடி காட்டும்.

தீர்வு எளிது: கர்சருக்கான நேரத்தை வினவலிலேயே `published_at::text` என்று எழுத்தாக மாற்றி, நிரலில் எங்கும் `Date` ஆக்காமல் அப்படியே திருப்பி அனுப்புவது. நெடுவரிசையையே `timestamptz(3)` என்று வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அப்போது சமநேரங்கள் கூடும், ஆனால் அதற்குத்தான் `id` இருக்கிறது. சரியாகிவிட்டதா என்று பார்க்க, யாரும் எழுதாத ஒரு நகல் தரவுத்தளத்தில் முதல் தொகுதியிலிருந்து கடைசி வரை நிரல் கொண்டு நடந்து, கிடைத்த வெவ்வேறு `id`களின் எண்ணிக்கையை `count(*)` விடையோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டை நேரத்தில் இல்லையென்றால் `NULL` பக்கம் பாருங்கள். வரிசைப்படுத்தும் நெடுவரிசையில் மதிப்பே இல்லாத பதிவு எந்த ஒப்பீட்டிலும் தேறாது. `OFFSET` காலத்தில் ஏதோ ஒரு முனையில் தெரிந்துகொண்டிருந்த அத்தகைய பதிவுகள் கர்சருக்கு மாறிய நாளிலிருந்து காணாமல் போகும்.

9. மொத்தம் எத்தனை பக்கம் என்று காட்ட COUNT(*) போடலாமா?

சிறிய அட்டவணையில் தாராளமாகப் போடலாம். 20 லட்சம் பதிவுகளில், ஒவ்வொரு பக்கத் திறப்புக்கும் போடுவது வீண். போஸ்ட்கிரெஸில் ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒவ்வொன்றுக்கும் தெரியும் பதிவுகள் வேறுபடலாம் என்பதால், மொத்த எண்ணிக்கை ஓரிடத்தில் எழுதி வைக்கப்படுவதில்லை, கேட்கும்போதெல்லாம் எண்ணுகிறது. பல தளங்களில் 20 செய்திகளை எடுக்கும் வினவலைவிட இந்த எண்ணும் வினவலே அதிக நேரம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"அடுத்தது" என்ற பொத்தானைக் காட்டலாமா கூடாதா என்பதுதான் உங்கள் தேவை என்றால், `LIMIT 21` என்று ஒன்று கூடுதலாகக் கேளுங்கள். 21ஆவது வந்தால் அடுத்த தொகுதி உண்டு. அதைக் காட்டாமல் விட்டுவிடலாம். ஏதாவது ஓர் எண் திரையில் இருந்தே தீர வேண்டும் என்றால், ஓர் எல்லை வரை மட்டும் எண்ணி, அதைத் தாண்டினால் "1000க்கு மேல்" என்று எழுதிவிடலாம்:

```sql
SELECT count(*) FROM (
  SELECT 1 FROM articles
  WHERE category_id = 7
  LIMIT 1001
) t;
```

10. வாடிக்கையாளர் பக்க எண்கள்தான் வேண்டும் என்கிறார். வேறு வழியில்லை. என்ன செய்வது?

எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் கேளுங்கள். "முன்பு பார்த்த செய்தியை மறுபடி கண்டுபிடிக்க" என்று சொன்னால், பக்க எண் அதற்கு உதவாது. இன்று 12ஆம் பக்கத்தில் இருக்கும் செய்தி நாளை 14ஆம் பக்கத்துக்குப் போய்விடும். பழைய செய்தியைத் தேடுபவருக்கு ஏறத்தாழத் தேதி தெரிந்திருக்கும், 3172 என்ற எண் தெரிந்திருக்காது. ஆகவே ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்த ஆவணப் பக்கம் வைத்துக் கொடுங்கள். 2024 மார்ச்சைத் தட்டினால் `published_at` அந்த மாத எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் பின்னால் ஓடும். அது கேள்வி 4இல் சொன்ன முறைதான்; தொடக்க இடம் கடைசிச் செய்தியிலிருந்து வராமல் நாட்காட்டியிலிருந்து வருகிறது, அவ்வளவே.

அலுவலகத்துக்குள் பயன்படும் நிர்வாகத் திரை என்றால் நிலைமை வேறு. சில நூறு பதிவுகள், "ஏழாம் பக்கத்தைப் பார்" என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லும் பழக்கம், இவையிரண்டும் இருக்கும் இடத்தில் `OFFSET` நல்ல தேர்வு; அதைக் குற்றமாகப் பார்க்கத் தேவையில்லை. பெரிய அட்டவணையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் எல்லை போடுங்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி மென்பொருள் தன் இயல்பான அமைப்பில் 10,000 முடிவுகளுக்கு அப்பால் இப்படித் தாவ விடுவதில்லை. நீங்களும் 500ஆம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த எல்லைக்குள்ளும் மெதுவாக இருந்தால், இண்டெக்ஸுக்குள்ளேயே எண்ணி முடித்துவிட்டு, தேவையான 20 பதிவுகளுக்கு மட்டும் அட்டவணைக்குப் போகலாம்:

```sql
SELECT a.id, a.title, a.published_at
FROM (
  SELECT id FROM articles
  ORDER BY published_at DESC, id DESC
  LIMIT 20 OFFSET 9980
) p
JOIN articles a ON a.id = p.id
ORDER BY a.published_at DESC, a.id DESC;
```

எண்ணும் வேலை இதில் குறைவதில்லை. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஆகும் செலவுதான் குறைகிறது. போஸ்ட்கிரெஸில் `VACUUM` ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்தக் குறைவும் கிடைக்கும்.

11. கர்சரில் முந்தைய பக்கத்துக்குப் போக முடியுமா?

முடியும். தொகுதியின் முதல் செய்தியைக் கொண்டு `>` என்று ஒப்பிட்டு, `ORDER BY` திசையை ஏறுமுகமாகத் திருப்பி 20 எடுத்து, வந்ததை நிரலில் தலைகீழாக்கிக் காட்ட வேண்டும். திசையைத் திருப்ப மறந்தால், முந்தைய 20க்குப் பதில் பட்டியலின் உச்சியில் உள்ள 20 வரும். முதல் இரண்டு பக்கங்களுக்குள் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை தெரியாது.

12. ஒரு பிரிவின் செய்திகளை மட்டும் காட்டும்போது மறுபடி மெதுவாகிவிடுகிறதே?

கேள்வி 4இன் இண்டெக்ஸில் `category_id` இல்லை. தரவுத்தளம் நேர வரிசையில் நடந்து, ஒவ்வொரு செய்தியும் அந்தப் பிரிவைச் சேர்ந்ததா என்று பார்த்துப் பார்த்து 20 சேரும் வரை போகிறது. விளையாட்டுப் பிரிவு என்றால் சில நூறுக்குள் 20 கிடைத்துவிடும். ஆண்டுக்கு நான்கு செய்தி மட்டும் வரும் பிரிவு என்றால் லட்சக்கணக்கில் நடக்க வேண்டும். `(category_id, published_at DESC, id DESC)` என்று, சமமா என்று பார்க்கப்படும் நெடுவரிசை முன்னால் வரும்படி இன்னொரு இண்டெக்ஸ் வைத்தால் தீரும். வடிகட்டிகளை எல்லாச் சேர்க்கைகளிலும் தர விரும்பினால், எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் வைக்க முடியாது. பிரபலமான இரண்டு மூன்றுக்கு வைத்துவிட்டு மீதியை எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடுபொறியிடம் ஒப்படைப்பதே நடைமுறை.

13. அதிகம் படிக்கப்பட்டவை என்று வரிசைப்படுத்தினால் கர்சர் ஏன் தடுமாறுகிறது?

வெளியான நேரம் மாறாது. படித்தவர்களின் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கடைசியாகக் காட்டிய செய்தியை 490 பேர் படித்திருந்தார்கள் என்றால், அடுத்து "490க்குக் கீழே" என்று கேட்போம். இன்னும் காட்டப்படாத, 480இல் இருந்த செய்தி அதற்குள் 495க்கு ஏறிவிட்டால், அது கோட்டுக்கு மேலே போய்விட்டது. இந்தப் படிப்பவர் அதைப் பார்க்கப்போவதில்லை. விலை போல ஏறவும் இறங்கவும் கூடிய எண்ணாக இருந்தால் விடுபடுதலோடு இரட்டிப்பும் சேரும். இது வினவலின் குறை அன்று. நகரும் பொருளின் மேல் அடையாளக்கோடு போட்டதன் விளைவு.

நான் செய்வது இதுதான்: மணிக்கு ஒருமுறை தரவரிசையைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, முதல் ஆயிரம் செய்திகளை இடவரிசையோடு தனி அட்டவணையில் எழுதிவைப்பது. கர்சரில் கணக்கீட்டு எண்ணும் இடமும் இருக்கும். புதிய கணக்கீடு வந்தபின்னும் பழையதைச் சில மணி நேரம் வைத்திருந்தால், படித்துக்கொண்டிருப்பவர் தாம் தொடங்கிய பட்டியலிலேயே தொடர்ந்து போகலாம். இதில் ஓர் எதிர்பாராத வசதியும் உண்டு: இடவரிசை ஓர் எண்ணாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், 37ஆம் பக்கத்துக்கு `OFFSET` இல்லாமல் நேராகத் தாவலாம்.

14. செய்தியைத் திறந்து படித்துவிட்டுத் திரும்பினால் ஸ்க்ரோல் முதலிலிருந்து தொடங்குகிறது என்று புகார் வருகிறது. என்ன செய்ய?

கர்சரை உலாவியின் நினைவில் மட்டும் வைத்திருப்பதன் பலன் இது. ஒவ்வொரு தொகுதியும் திரைக்குள் நுழையும்போது `history.replaceState` கொண்டு முகவரியில் அந்தத் தொகுதியின் தொடக்கக் கர்சரை எழுதிவிட்டால், திரும்பி வரும்போது அங்கிருந்தே காட்டலாம். மேலே போக விரும்பினால் கேள்வி 11இன் வினவல் இருக்கிறது. அந்த முகவரிகளுக்கு உண்மையான இணைப்புகளும் பக்கத்தில் இருக்கட்டும். தளங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரல் விரலால் தள்ளிக்கொண்டு போவதில்லை; இணைப்பு இருந்தால்தான் அடுத்த தொகுதியைக் கண்டுபிடிக்கும்.

எனக்குப் பிடித்த வடிவம் "மேலும் காட்டு" என்ற பொத்தான். பக்கத்தின் அடியில் உள்ள தொடர்பு விவரங்களைத் தட்ட முயல்பவர், அது நழுவி நழுவிக் கீழே போவதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளத் தேவையில்லை. தேடல் முடிவுகளுக்குத் தொடர் ஸ்க்ரோலை 2021இல் கைப்பேசியிலும் 2022இல் கணினியிலும் கொண்டுவந்த கூகுளே, 2024இல் அதைக் கைவிட்டு, கணினியில் பக்க எண்களுக்கும் கைப்பேசியில் "மேலும் முடிவுகள்" என்ற பொத்தானுக்கும் மாறியது.

15. கர்சரை முகவரியில் அப்படியே போட்டால் யாராவது மாற்றிவிட மாட்டார்களா?

மாற்றினால் வேறொரு இடத்திலிருந்து பட்டியல் தொடங்கும், அவ்வளவுதான். பார்க்கக் கூடாத செய்தி அதனால் தெரிந்துவிடுகிறது என்றால், பிழை கர்சரில் இல்லை. அனுமதிச் சோதனை வினவலில் இல்லாததில் இருக்கிறது. பேஸ்64 ஆக்கி அனுப்புவது பாதுகாப்புக்காக அன்று, அதன் உள்ளமைப்பை நம்பி யாரும் நிரல் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. எந்த வரிசை, எந்த வடிகட்டி ஆகியவற்றையும் உள்ளே சேர்த்துவிடுங்கள். விலை வரிசையில் பிறந்த கர்சரை நேர வரிசையில் பயன்படுத்த முயன்றால் அப்போதுதான் மறுக்க முடியும்.

16. "புதிய செய்திகள் 5" என்று மேலே காட்ட, கடைசி id-ஐ விடப் பெரியவற்றைக் கேட்கிறோம். அதிலும் ஒன்று விடுபடுகிறது. இது எப்படி?

`id` வழங்கப்படும் வரிசையும் பதிவு வெளியே தெரியும் வரிசையும் ஒன்றல்ல. ஒரு பரிவர்த்தனை 1001 என்ற எண்ணைப் பெற்றுக்கொண்டு, படங்களைச் சேர்ப்பதில் மூன்று வினாடி தாமதிக்கிறது. அதற்குள் இன்னொன்று 1002ஐப் பெற்று `COMMIT` செய்துவிடுகிறது. அந்த நேரத்தில் கேட்கும் உலாவிக்கு 1002 மட்டும் தெரியும்; "நான் 1002 வரை பார்த்துவிட்டேன்" என்று குறித்துக்கொள்ளும். பிறகு 1001 வெளியே வந்தாலும் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. நேரத்தைக் கொண்டு கேட்டாலும் இதே கதைதான். போஸ்ட்கிரெஸில் `now()` தருவது பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தை, முடிந்த நேரத்தை அன்று.

பழையதை நோக்கிப் போகும் பட்டியலில் இது பெரும்பாலும் தெரிவதில்லை, ஏனெனில் அங்குள்ளவை எப்போதோ முடிந்துபோன பரிவர்த்தனைகள். புதியதை நோக்கிக் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் பின்னால் சென்று கேளுங்கள்: நேரத்தைக் கர்சராக வைத்து, கடைசியாகக் கண்ட நேரத்திலிருந்து, உங்கள் மிக நீண்ட எழுதும் பரிவர்த்தனையைவிடக் கூடுதலான இடைவெளி, எடுத்துக்காட்டாக 30 வினாடி, கழித்துக்கொண்டு கேட்பது. வந்தவற்றில் பாதி ஏற்கெனவே பார்த்தவையாக இருக்கும். கேள்வி 7இல் நான் குறைகூறிய, உலாவியில் `id` பார்த்து இரட்டிப்பை நீக்கும் அந்த நான்கு வரி நிரலுக்கு உரிய இடம் இதுதான்.